இஎம்ஐ பவுன்ஸ் ஆகிவிட்டதா? தள்ளுபடி கேட்டு எழுதுங்கள் ஒரு கடிதம்!

ரூ.4,800 தவணையை 19 நாள் தாமதமாகக் கட்டினால் தாமதக் கட்டணம் எவ்வளவு வரும்? ஆண்டுக்கு 24 சதவிகிதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 60 ரூபாய். டீ, வடை செலவு என்று விட்டுவிடலாம். ஆனால், அதே 19 நாளில் ஒருவருடைய கையைவிட்டுப் போகிற பணம் 2,456 ரூபாயாகவும் இருக்கலாம். மீதி 2,396 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே, "காய்ச்சலில் படுத்துவிட்டேன், ஃபைனைத் தள்ளுபடி பண்ணுங்க சார்" என்று கஸ்டமர் கேரில் கெஞ்சுகிறவர்கள்தான் அதிகம். எதைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று கேட்கிறவருக்கும் தெரியாது. போனை எடுத்தவருக்கும் தெரியாது. "ரிக்வெஸ்ட் ரைஸ் பண்ணியிருக்கேன்" என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் டெய்லர். 2024 அக்டோபரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கி பைக் எடுத்தார். மாதம் 5ஆம் தேதி தவணை. ஒன்பது தவணை பிசகில்லாமல் போனது. பத்தாவது தவணை 2025 ஆகஸ்ட் 5. அந்த மாதம் 1ஆம் தேதி டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் 6ஆம் தேதி வீட்டுக்கு வந்தார். மிஷினில் மறுபடி உட்கார்ந்தது 18ஆம் தேதி. வாரக் கூலி என்பதால் படுத்திருந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. 23ஆம் தேதி சனிக்கிழமை கைக்கு வந்த கூலியோடு கம்பெனியில் கொஞ்சம் அட்வான்ஸும் வாங்கி, மறுநாளே தவணையைக் கட்டிவிட்டார்.

இதற்குள் நடந்தது இதுதான். 5ஆம் தேதி கணக்கில் பணம் இல்லாததால் நாச், அதாவது தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்திருக்கும் அனுமதி, பவுன்ஸ் ஆனது. நிதி நிறுவனம் விடவில்லை. 9ஆம் தேதி மறுபடி அனுப்பியது, பவுன்ஸ். 13ஆம் தேதி மூன்றாம் முறை, அதுவும் பவுன்ஸ். ஒவ்வொரு பவுன்ஸுக்கும் நிதி நிறுவனம் போட்டது 500 ரூபாய். ஆக 1,500. சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியும் தன் பங்குக்கு ஒவ்வொரு முறையும் 250 ரூபாயும் அதற்கு 18 சதவிகித ஜிஎஸ்டியும் சேர்த்து 295 ரூபாய் பிடித்தது. மூன்று முறைக்கு 885. இதோடு அபராதக் கட்டணம் 60, அதன்மேல் ஜிஎஸ்டி 11. கூட்டினால் 2,456. கட்டணத் தொகைகள் இடத்துக்கு இடம் மாறும். கணக்கு ஏறும் விதம் இதுதான்.

இதில் மூன்று வகைப் பணம் இருக்கிறது. நிதி நிறுவனம் நியாயமாகவே போட்டது ஒன்று. அது போட்டிருக்கவே கூடாதது ஒன்று. நிதி நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் நம் வங்கி பிடித்தது ஒன்று. முதலாவதைச் சலுகையாகக் கேட்க வேண்டும். இரண்டாவதை உரிமையாகக் கேட்க வேண்டும். மூன்றாவதை வேறு ஆளிடம் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் "ஃபைன்" என்று சொல்லி எழுதுகிற கடிதம் தோற்றுப்போவது அதனால்தான்.

முதலில் ஸ்டேட்மென்ட்

கடிதம் எழுத உட்காரும் முன் இரண்டு தாள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட். நிறுவனத்தின் ஆப்பிலேயே எடுக்கலாம். கிளையிலும் கேட்டு வாங்கலாம். எந்தத் தேதியில் எந்தப் பெயரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது வரிவரியாக அதில் இருக்கும். இன்னொன்று, கடன் கொடுத்தபோது தந்த 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற முக்கிய விவரத் தாள். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் இதைத் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும். இந்தத் தாளில் சொல்லாத எந்தக் கட்டணத்தையும், வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், கடன் முடிகிற வரையில் வசூலிக்கக் கூடாது. ஆகவே, பவுன்ஸ் கட்டணம் அதில் 400 என்று இருந்து, ஸ்டேட்மென்ட்டில் 500 என்று ஏறியிருந்தால், அந்த 100 ரூபாய்க்குக் காய்ச்சல் கதையெல்லாம் சொல்ல வேண்டியதே இல்லை.

அடுத்து அபராதக் கட்டணத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதற்கு முன்பெல்லாம் தவணை தவறினால் 'அபராத வட்டி' என்று ஒன்றைப் போட்டு, அதை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இனி அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் மறுபடி வட்டி ஏறக் கூடாது என்று அந்தச் சுற்றறிக்கை சொன்னது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தவணை கேட்டு நினைவூட்டல் அனுப்பும்போதே அபராத விவரத்தையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. மீறியிருக்கிறார்களா என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். நம் டெய்லர் செப்டம்பரிலும் தவணை தவறினார் என்றால், அபராதம் 4,800 ரூபாய்க்குத்தான் கணக்கிடப்பட வேண்டும். 4,860 ரூபாய்க்குக் கணக்கிட்டிருந்தால், பழைய அபராதத்துக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த 11 ரூபாய் ஜிஎஸ்டி? அது வரக் கூடாத பணம். கடன் நிபந்தனையை மீறியதற்காக வங்கிகளும் நிதி நிறுவனங்களும் போடும் அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. 2025 ஜனவரி 28 தேதியிட்ட சுற்றறிக்கையில் மத்திய மறைமுக வரி வாரியம் அதைத் தெளிவுபடுத்திவிட்டது. 11 ரூபாய்க்கா இவ்வளவு என்று கேட்கலாம். தொகை சிறியதுதான். ஆனால், ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் படித்திருக்கிறார் என்று மேலாளருக்குக் காட்டுவது அந்த ஒரு வரிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிரெடிட் கார்டுக்கு இந்த அபராதச் சுற்றறிக்கை பொருந்தாது. கார்டுக்குத் தனி விதி: கெடு தேதி கழிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், அதையும் கட்டாமல் விட்ட தொகைக்குத்தான் போடலாம். இந்த மூன்று நாள் சலுகை இஎம்ஐக்கும் உண்டு என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை.

தவணை முதலில், தள்ளுபடி பிறகு

"தள்ளுபடி பண்ணினால்தான் கட்டுவேன்" என்று பேரம் பேசுவது வீண். தவணை பாக்கி இருக்கும்வரை உங்கள் கணக்கு வசூல் பிரிவின் கையில் இருக்கும். அவர்களுக்குத் தவணை வருவதுதான் முக்கியம். தள்ளுபடியைப் பற்றி எதையும் சொல்வார்கள். "நீங்க கட்டுங்க சார், வெய்வர் போட்டுடறோம்" என்று போனில் சொன்னதை நம்பிக் கட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கட்டணம் அப்படியே நிற்கும். சொன்னவர் அந்த வேலையிலேயே இருக்க மாட்டார். போனில் யாராவது அப்படிச் சொன்னால், "அதையே எஸ்எம்எஸ்ஸிலோ மெயிலிலோ அனுப்புங்கள்" என்று கேளுங்கள்.

பணம் வந்ததும் நிறுவனத்தின் ஆப்பிலோ கிளையிலோ கட்டிவிட்டு, உடனே அதைத் தெரிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாச் இன்னொரு முறை போய், இரட்டைத் தவணை பிடிபடும். அல்லது நான்காவது பவுன்ஸ் விழும். உண்மையில் நம் டெய்லரின் நஷ்டத்தில் பெரும்பகுதியை ஒரு மெயில் தடுத்திருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே, "5ஆம் தேதி பணம் இருக்காது, 24ஆம் தேதிக்குள் நானே கட்டிவிடுகிறேன், அதுவரை நாச் அனுப்ப வேண்டாம்" என்று வீட்டில் யாராவது எழுதியிருந்தால், நிறுவனம் கேட்டிருக்கலாம், கேட்காமலும் போயிருக்கலாம். கேட்காவிட்டாலும் 9, 13 தேதிக் கட்டணங்களை எதிர்த்துப் பேச அந்த மெயில் கையில் இருந்திருக்கும்.

கடிதத்தை எப்போது கொடுப்பது? தவணை கட்டிய ஓரிரு நாளில், அடுத்த தவணைத் தேதி வருவதற்கு முன்பே. அடுத்த தவணையும் தவறியபின் வருகிற கடிதத்தைத் தற்காலிகக் கஷ்டம் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

கடிதத்தைப் படிக்கப்போகிறவர் கிளை மேலாளரோ குறைதீர்ப்பு அலுவலரோ. அவருக்குக் குறிப்பிட்ட தொகை வரை தள்ளுபடி செய்ய அதிகாரம் இருக்கலாம். அதற்கு மேல் என்றால் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் குறிப்பை அவர் உங்கள் கடிதத்திலிருந்தே எடுத்து எழுத முடிய வேண்டும். ஏன் தவறியது, எப்போது சரியானது, இதற்கு முன் எப்படிக் கட்டினார், எவ்வளவு கேட்கிறார் என்பதுதான் அவருக்குத் தேவை. வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் தொடர்புகொள்ள வேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கி விதி என்பதால், தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். நம் டெய்லரின் கடிதம் இப்படி இருக்கலாம்:

*பொருள்: இருசக்கர வாகனக் கடன் கணக்கு எண் ________ – ஆகஸ்ட் மாதக் கட்டணங்கள் தள்ளுபடி கோருதல்.*

*மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.*

*மேற்கண்ட கடனில் முதல் ஒன்பது தவணைகளைத் தேதி தவறாமல் செலுத்தியிருக்கிறேன். ஆகஸ்ட் 5ஆம் தேதித் தவணை மட்டும் தவறியது. டெங்கு காய்ச்சலால் ஆகஸ்ட் 1 முதல் 6 வரை மருத்துவமனையில் இருந்தேன். 18ஆம் தேதிதான் வேலைக்குத் திரும்பினேன். இடைப்பட்ட நாட்களுக்குச் சம்பளம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியும் கம்பெனியின் கடிதமும் இணைத்துள்ளேன்.*

*ஆகஸ்ட் 24 அன்று ரூ.4,800 முழுத் தவணையையும் உங்கள் ஆப் வழியாகச் செலுத்திவிட்டேன். யுடிஆர் எண் ________. இப்போது வழக்கம்போல் வேலைக்குச் செல்கிறேன். செப்டம்பர் 5 தவணைக்கான பணம் கணக்கில் இருக்கும்.*

*ஆகஸ்ட் 5, 9, 13 தேதிகளில் தலா ரூ.500 பவுன்ஸ் கட்டணமும், ரூ.60 அபராதக் கட்டணமும், அதன்மேல் ரூ.11 ஜிஎஸ்டியும் என் கணக்கில் ஏறியுள்ளன. 5ஆம் தேதிக்குரிய ரூ.500ஐச் செலுத்தச் சம்மதிக்கிறேன். 9, 13 தேதிகளுக்குரிய ரூ.1,000, அபராதக் கட்டணம் ரூ.60 ஆக மொத்தம் ரூ.1,060ஐ இந்த ஒரு முறை தள்ளுபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.*

*அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2025 ஜனவரி 28 தேதியிட்ட மத்திய மறைமுக வரி வாரியச் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியுள்ளது. எனவே ரூ.11ஐ நீக்கித் தரவும்.*

*தங்கள் முடிவை எழுத்து மூலமாகத் தெரிவித்து, திருத்தப்பட்ட ஸ்டேட்மென்ட்டையும் அனுப்பி உதவ வேண்டுகிறேன்.*

அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட வரவில்லை. 1,500 ரூபாயையும் கேட்காமல் முதல் 500ஐ ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கணக்கில் பணம் இல்லாததும் முதல் பவுன்ஸும் நம் பக்கத்துப் பிழை. நிறுவனத்துக்கும் அதனால் செலவு உண்டு. எட்டு நாளில் அதே ஆளிடம் இன்னும் இரண்டு முறை போனது அவர்கள் முடிவு. இந்த வித்தியாசத்தை எடுத்துச்சொல்லி, நம் பங்கைக் கட்டுகிறேன் என்று முன்வந்தால், மேலாளர் மேலிடத்துக்கு விளக்குவது சுலபம் என்பது என் எண்ணம். முழுத் தொகையையும் கேட்பது தப்பில்லை. கேட்டால், பாதியாவது கிடைத்தால் போதும் என்ற மனதோடு கேளுங்கள்.

கடிதத்தில் வேண்டாதவையும் உண்டு. பக்கம் பக்கமாக மருத்துவ அறிக்கைகள் வேண்டாம். சேர்ந்த தேதியும் வீடு திரும்பிய தேதியும் தெரிகிற ஒரு தாள் போதும். வேலை போயிருந்தால் பணி விடுவிப்புக் கடிதம், சம்பளம் தாமதமானால் கம்பெனி கொடுத்த கடிதம் அல்லது வங்கி ஸ்டேட்மென்ட். நுகர்வோர் கோர்ட், மீடியா என்ற மிரட்டல் வேண்டவே வேண்டாம். சலுகை கேட்கிற தாளில் மிரட்டல் வந்தால் அது சட்டப் பிரிவுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியம், "இனிமேல் இவ்வளவு தவணை கட்ட முடியாது" என்ற வாக்கியம் வரக் கூடாது. அது தள்ளுபடிக் கோரிக்கை ஆகாது, கடனை மறுசீரமைக்கச் சொல்வதாகிவிடும். கடன் மறுசீரமைக்கப்பட்டால் அது சிபில் போன்ற அறிக்கைகளில் பதிவாகும். உண்மையிலேயே அந்த நிலைமை என்றால் அதற்குத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். 1,060 ரூபாய்க் கடிதத்தில் அதைக் கலக்கக் கூடாது.

கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். மெயில் என்றால் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் குறைதீர்ப்பு அலுவலர் முகவரிக்கு அனுப்பி, வரும் புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 885 ரூபாய் மீதி இருக்கிறதே? அதற்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை. சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்குத் தனியாக நாலு வரி எழுத வேண்டும். அதே டிஸ்சார்ஜ் சம்மரி நகலை இணைக்கலாம். ஏற்கெனவே பிடித்த பணம் என்பதால் 'ரிவர்சல்' கேட்க வேண்டும். மூன்றில் ஒன்றோ இரண்டோ திரும்பி வந்தாலும் லாபம்.

மறுத்துவிட்டால்?

சலுகையை மறுக்க நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. 2020இல் கொரோனா காலத் தவணை ஒத்திவைப்புக்கான அபராத வட்டியை வசூலிக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியொருவரின் காய்ச்சலுக்கு அப்படி ஒரு தீர்ப்பு கிடையாது. "கஷ்டத்தைச் சொல்லியும் தள்ளுபடி தரவில்லை" என்று ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போனாலும் எடுபடாது. நிறுவனத்தின் வணிக முடிவுகளில் அவர் தலையிடுவதில்லை.

ஆனால், உரிமையாகக் கேட்டவற்றுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. தாளில் இல்லாத கட்டணம், அபராதத்தின் மேல் வட்டி, அந்த 11 ரூபாய் ஜிஎஸ்டி ஆகியவற்றுக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் பதியலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடிதத்தில் சலுகைக்கு ஒரு பத்தி, உரிமைக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதியது இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். புகாரில் இரண்டாவது பத்தியை மட்டும் எடுத்து வைத்தால் போதும்.

தள்ளுபடி கிடைத்தாலும் சிபில் பதிவு மாறாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் கடன் விவரங்களை மாதம் இருமுறை, 15ஆம் தேதி நிலவரமும் மாதக் கடைசி நிலவரமும், தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி வந்தது. முன்பு மாதக் கடைசிக்குள் கட்டிவிட்டால் தப்பிக்க வாய்ப்பு இருந்தது. அந்த விதிப்படி ஆகஸ்ட் 15 அன்று சுமார் 10 நாள் பாக்கி என்று டெய்லரின் அறிக்கையில் ஏறியிருக்கும். அது உண்மை என்பதால் நீக்கச் சொல்லிக் கேட்க முடியாது. 24ஆம் தேதி கட்டிய பிறகும் பாக்கி என்று காட்டினால் மட்டும் திருத்தக் கேட்கலாம்.

மறுத்துவிட்டார்கள் என்றால், கோபத்தில் கட்டணத்தைக் கட்டாமல் விடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் வரையறையில் அசலும் வட்டியும் மட்டுமில்லை, கட்ட வேண்டிய வேறு எந்தத் தொகை நின்றாலும் பாக்கிதான். தவிர, இந்த மாதிரி பாக்கிகள் சத்தமில்லாமல் கிடந்து, கடைசித் தவணை கட்டிய பிறகுதான் தலையைத் தூக்கும். ஆர்.சி. புக்கில் இருக்கும் கடன் பதிவை நீக்க ஆர்டிஓ அலுவலகத்துக்கு நிறுவனத்தின் என்ஓசியும் படிவம் 35ம் வேண்டும். "பழைய பவுன்ஸ் சார்ஜ் 1,060 நிற்குது, கட்டினால்தான் என்ஓசி" என்று அன்றைக்குச் சொல்வார்கள். கடிதம் கொடுத்த கதையெல்லாம் அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

அதனால், கடிதம் கொடுத்த அடுத்த மாதம் ஸ்டேட்மென்ட்டை மறுபடி எடுங்கள். "தள்ளுபடி செய்துவிட்டோம்" என்று மெயில் வந்திருந்தாலும், அந்தத் தொகைக்கு எதிராக ஒரு வரவுப் பதிவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் அந்த மெயிலையே இணைத்து மறுபடி எழுதுங்கள். சீல் போட்ட நகலையும் அந்த ஸ்டேட்மென்ட்டையும் என்ஓசி கைக்கு வரும்வரை ஆர்.சி. புக்கோடு சேர்த்தே வைத்திருங்கள்.